படையை முதலில் வெளியே அழைத்தது யார்?

1965 டிசம்பர் 8. சுதந்திர சிங்கப்பூரின் முதல் நாடாளுமன்றம் கூடிய நாள். நகர மண்டபத்தில் இருந்த தம் அலுவலகத்திலிருந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பிரதமர் லீ குவான் யூ செல்ல வேண்டியது மிகச் சிறிய தூரம்தான். சிங்கப்பூரில் நிலைகொண்டிருந்த மலேசியப் படைப்பிரிவின் தளபதி பிரிகேடியர் சையது முகமது அல்சகாஃப் அதற்கு முன் அவரை வந்து பார்த்தார். தம்முடைய மோட்டார் சைக்கிள் வீரர்களே பிரதமருக்கு வழிக்காவலாக வருவார்கள் என்று வற்புறுத்தினார். எந்த நேரத்திலும் இந்தத் தீவைத் தம் கைக்குள் கொண்டுவரத் தயாராக இருப்பவரைப் போல அவர் நடந்துகொண்டதாக லீ பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அந்த பிரிகேடியர் அப்படி எதையும் செய்யவில்லை. செய்ய நினைத்தார் என்பதற்கும் சான்றில்லை. ஆனாலும் லீக்கு வந்த அச்சத்தை வீணான கற்பனை என்று ஒதுக்க முடியாது. சிங்கப்பூருக்கென்று அன்று இருந்தவை இரண்டே இரண்டு காலாட்படைப் பட்டாளங்கள். அவையும் மலேசியத் தளபதியின் ஆணைக்குக் கட்டுப்பட்டவை. நாடு பிறந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. துப்பாக்கி வேறொருவர் கையில் இருந்தது.

அந்தத் துப்பாக்கி எப்போது அரசாங்கத்தின் பக்கம் திரும்பும், எப்போது திரும்பாது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. பிரிட்டிஷ் அறிஞர் சாமுவேல் ஃபைனர் 1962இல் வெளியிட்ட நூலில் இந்தக் கேள்வியைத் தலைகீழாக வைத்தார். ஆயுதமும் கட்டுப்பாடும் சீரான ஆணைச் சங்கிலியும் கொண்ட ஓர் அமைப்பு, அவை எதுவும் இல்லாத அரசியல்வாதிகளுக்கு ஏன் பணிகிறது என்பதுதான் வியப்புக்குரியது என்றார். பலம் எல்லாப் படைகளிடமும் இருக்கிறது. ஆட்சிக் கவிழ்ப்பு எல்லா நாடுகளிலும் நடப்பதில்லை. ஆகவே பலத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. தளபதிகளின் பேராசையைச் சொல்வதும் போதாது. பேராசைக்காரர்களும் எல்லா நாடுகளிலும் உண்டு. நாம் தேட வேண்டியது நாட்டுக்கு நாடு மாறுபடும் ஒன்றை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரின் அலெக்சாண்ட்ரா முகாமில் ஐந்தாவது லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பிடிபட்டவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஊட்ரம் சிறைச்சாலை மதிலோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அது சிப்பாய்க் கலகம். கலகம் கீழிருந்து எழுவது. அதிகாரிகளின் ஆணையை மறுப்பது. ஆட்சிக் கவிழ்ப்பு பெரும்பாலும் அதிகாரிகளின் செயல். அது ஆணைச் சங்கிலியை அறுப்பதில்லை, அதையே பயன்படுத்துகிறது. சிப்பாய் தன் மேலதிகாரிக்குப் பணிந்தபடியே நாடாளுமன்றத்தைப் பூட்டுகிறான். ஆகவே கேட்க வேண்டியது சிப்பாய் ஏன் கலகம் செய்கிறான் என்பதல்ல. அதிகாரி ஏன் அப்படி ஓர் ஆணையைப் பிறப்பிக்கிறார், மற்ற அதிகாரிகள் ஏன் அதை நிறைவேற்றுகிறார்கள் என்பதே.

இதற்கு விடை தேட நமக்கு மிக அருகில் இருக்கும் களம் இலங்கை. 1962 ஜனவரி 27 இரவு கொழும்பில் நடக்கவிருந்து நின்றுபோன ஆட்சிக் கவிழ்ப்பு, தோற்றுப்போனதாலேயே நமக்குப் பெரிய ஆவணமாகிவிட்டது. வென்ற சதிகாரர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். தோற்றவர்கள் விசாரணைக் கூண்டில் நின்று பதில் சொல்கிறார்கள். அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஹோரோவிட்ஸ் பின்னர் அந்த அதிகாரிகளில் பலரை நேரில் கண்டு பேசி, அவர்களுடைய நோக்கங்களை ஆராய்ந்து ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

பின்னணி இது. 1949இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தரைப்படையின் அதிகாரிகள் ஆங்கிலம் பேசிய உயர்குடியினர். அவர்களில் பாதிக்கும் மேல் கிறித்தவர்கள். தமிழரும் பறங்கியரும் மக்கள்தொகை விகிதத்தை மிஞ்சி இருந்தார்கள். நாட்டில் பெரும்பான்மையோ சிங்கள பௌத்தர். 1956இல் பண்டாரநாயக்க சிங்களம் மட்டும் என்ற முழக்கத்தோடு ஆட்சிக்கு வந்தார். 1959இல் அவர் கொல்லப்பட்டார். மறு ஆண்டு அவர் மனைவி சிறிமாவோ பிரதமரானார். கிறித்தவ நிர்வாகங்களின் கீழ் இருந்த உதவி பெறும் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. பதவி உயர்வில் மதமும் இனமும் பார்க்கப்படுகின்றன என்ற மனக்குறை ராணுவத்திலும் காவல்துறையிலும் பரவியது. இதை மட்டும் பார்த்தால், சலுகை இழந்த மேட்டுக்குடியின் கோபம் என்று கதையை முடித்துவிடத் தோன்றும். பலரும் அப்படித்தான் முடித்திருக்கிறார்கள். அது பாதி உண்மை. சலுகை இழந்த ஆசிரியர்களும் எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் அன்று இருந்தார்கள். அவர்கள் யாரும் ஆட்சியைப் பிடிக்கத் திட்டமிடவில்லை. மனக்குறை எண்ணத்தைத் தரும், வழியைத் தருவதில்லை.

வழியைத் திறந்துவிட்டது அரசாங்கமேதான். 1958 இனக்கலவரத்தை அடக்கப் படை வீதிக்கு வந்தது. 1961 பிப்ரவரியில் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது; படையை வைத்து அந்த அறப்போர் கலைக்கப்பட்டது. செல்வநாயகம் உள்ளிட்ட தலைவர்கள் கொழும்பை அடுத்த பனாகொடை ராணுவ முகாமில் தடுத்துவைக்கப்பட்டார்கள். அவ்வாண்டின் முடிவில் கொழும்புத் துறைமுக வேலைநிறுத்தத்தின்போதும் படை அழைக்கப்பட்டது. அரசியல் பேச்சால் தீர்க்க வேண்டிய ஒவ்வொரு பூசலிலும், இனி நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் சொல்லப்பட்டது. மந்திரிகளின் தடுமாற்றத்தை அவர்கள் அருகிலிருந்து பார்த்தார்கள். தலைவர்களைக் கைது செய்வதும், ஊரடங்கு போடுவதும், தொலைபேசி நிலையத்தைக் காவல் காப்பதும் அவர்களுக்குப் பழகிப்போயின. ஆட்சியைக் கவிழ்க்கத் தேவையான செயல்கள் அத்தனைக்கும் அரசாங்கமே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டது.

ஜனவரி 27 திட்டத்தை உற்றுப் பார்த்தால் இது விளங்கும். கர்னல் எஃப். சி. டி சேரம், கர்னல் மொரிஸ் டி மெல், கடற்படையின் முன்னாள் தளபதி ரொய்ஸ் டி மெல், காவல்துறைத் துணைத் தலைவர் சி. சி. திசாநாயக்க, ஓய்வுபெற்ற காவல் அதிகாரி சிட்னி டி சொய்சா ஆகியோர் முன்னணியில் இருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் மந்திரிகளையும் பாதுகாப்புத் துறைச் செயலாளர் என். கியூ. டயஸையும் வீடுகளிலேயே கைது செய்ய வேண்டும். மத்தியத் தந்தி நிலையத்தை முடக்க வேண்டும். கிருலப்பனை, வெள்ளவத்தைப் பாலங்களில் கவச வண்டிகளை நிறுத்த வேண்டும். பனாகொடையிலிருந்து அரசுக்கு விசுவாசமான படை கொழும்புக்குள் வந்துவிடக் கூடாது. 'ஹோல்ட்ஃபாஸ்ட்' என்பது சங்கேதப் பெயர். போர் என்று சொல்ல இதில் எதுவுமே இல்லை. கொழும்பு முழுவதையும் அடக்க அவர்கள் திட்டமிடவில்லை. சில வீடுகள், ஒரு தந்தி நிலையம், இரண்டு பாலங்கள், அவ்வளவே. விடிந்ததும் மக்கள் வானொலியைத் திருப்பும்போது எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஏன் என்பதில்தான் பாடம் இருக்கிறது. கொழும்பு நகரக் காவல் கண்காணிப்பாளர் ஸ்டான்லி சேனநாயக்கவைத் திசாநாயக்க இதில் சேர்க்கப் பார்த்தார். சேனநாயக்க விஷயத்தைத் தம் மனைவியிடம் சொன்னார். மனைவி தம் தந்தையும் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினருமான பி. டி எஸ். குலரத்னவிடம் சொன்னார். குலரத்ன காவல்துறைத் தலைவரிடம் போனார். காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த எஸ். ஏ. திசாநாயக்க, சதியின் முக்கியப் புள்ளியான சி. சி. திசாநாயக்கவின் உடன்பிறந்த சகோதரர். அன்றிரவே சந்தேகத்துக்குரிய அதிகாரிகள் பிரதமரின் அலரி மாளிகைக்கு வரவழைக்கப்பட்டு, அமைச்சர் ஃபீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவால் விசாரிக்கப்பட்டார்கள். செய்தி கசிந்துவிட்டது என்று தெரிந்ததும் மற்றவர்கள் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை.

கானா நாட்டு ஆட்சிக் கவிழ்ப்புகளை ஆராய்ந்த நவ்நிஹால் சிங், 2014இல் வந்த தம் நூலில் இந்த இயக்கத்தை விளக்குகிறார். ஆட்சிக் கவிழ்ப்பு துப்பாக்கிகளின் எண்ணிக்கையால் தீர்மானிக்கப்படுவதில்லை. மற்ற அதிகாரிகள் என்ன செய்வார்கள் என்று ஒவ்வோர் அதிகாரியும் போடும் கணக்கால் தீர்மானிக்கப்படுகிறது. ஒரே படையின் இரு பாதிகள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்வதைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆகவே வெல்லப்போகிறவர் பக்கம் சேரவே எல்லோரும் முயல்வார்கள். இது முடிந்துபோன காரியம் என்று மற்றவர்களை நம்பவைப்பவரே வெல்கிறார். வானொலி நிலையத்தை முதலில் பிடிப்பதும் இதற்காகத்தான். சேனநாயக்க நம்பவில்லை. நான் மறுத்தாலும் இது நடந்தே தீரும் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் வாய்மூடி இருந்திருப்பார். படை ஆட்சியைப் பிடிப்பது என்பதே அந்நாட்டில் அதுவரை நடந்திராத ஒன்று. மறுத்தால் தாம் தனித்துவிட மாட்டோம் என்று எண்ண அவருக்கு இடம் இருந்தது.

இங்கே ஒருவர் மறுப்புச் சொல்லலாம். இதெல்லாம் தற்செயல், அடிப்படைக் காரணம் வறுமைதான் என்பார். 1950 முதல் 1982 வரை 121 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து ஜான் லண்ட்ரெகனும் கீத் பூலும் 1990இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஏழை நாடுகளில் ஆட்சிக் கவிழ்ப்பின் வாய்ப்பு பல மடங்கு அதிகம். இதை மறுக்க முடியாது. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஒருமுறை ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த நாட்டில் மறுபடி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. வறுமை அரசாங்கத்தைப் பலவீனமாக்குகிறது. பலவீனமான அரசாங்கம் படையை நாடுகிறது. படை ஒருமுறை வந்துவிட்டால், அடுத்தமுறை மறுக்க நினைக்கும் அதிகாரிக்குத் தாம் தனித்துவிடுவோம் என்ற அச்சம் பிறக்கிறது. தாய்லாந்து இலங்கையைவிட வளமான நாடு. அங்கே 1932 முதல் 2014 வரை பத்துக்கும் மேற்பட்ட முறை படை ஆட்சியைப் பிடித்திருக்கிறது. ஏழை நாடாகவே பல்லாண்டுகள் இருந்த இந்தியாவில் ஒருமுறைகூட இல்லை. வறுமை நிலத்தை உழுது வைக்கிறது. விதை வேறு எங்கிருந்தோ வருகிறது.

அந்த விதை எது என்பதைப் பர்மா காட்டுகிறது. கொழும்புச் சதி தோற்று ஐந்து வாரங்களில், 1962 மார்ச் 2 அன்று, ரங்கூனில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அங்கே எந்தச் சேனநாயக்கவும் குறுக்கே நிற்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1958இல், ஆளுங்கட்சி இரண்டாக உடைந்தபோது பிரதமர் ஊ நூ தாமே நே வின்னை அழைத்து ஆட்சியை ஒப்படைத்திருந்தார். படை 1960 வரை நாட்டை நடத்திவிட்டு, தேர்தல் வைத்துத் திருப்பிக் கொடுத்தது. திருப்பிக் கொடுத்ததை அன்று பலரும் பாராட்டினார்கள். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் அதிகாரிகள் ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள்: நாட்டைத் தங்களால் நடத்த முடியும், தாங்கள் நடத்தினால் யாரும் எதிர்க்க மாட்டார்கள். 1962இல் அவர்கள் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் தேசியமயமாக்கப்பட்டன. தமிழர் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் கையிலிருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு எதிரே இருக்கும் பர்மா பஜாரின் பெயரில் அந்த வரலாறு இன்றும் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். அதிகாரிகளின் மனக்குறை, வறுமை, பிளவுபட்ட சமூகம் ஆகிய மூன்றும் ஆட்சிக் கவிழ்ப்பின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் வாசலைத் திறப்பது, உள்நாட்டு அரசியல் பூசலைத் தீர்க்கப் படையை அழைக்கும் அரசாங்கத்தின் பழக்கம். படை தானாக வெளியே வருவது அரிது. பெரும்பாலும் முதல்முறை அழைத்துத்தான் வருகிறது.

சரி, அழைத்துவிட்ட பிறகு தற்காத்துக்கொள்வது எப்படி? இலங்கை ஒரு வழியைத் தேர்ந்தது. சதிவழக்கில் 24 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். அவர்களுக்கென்றே பின்தேதியிட்டு ஒரு சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1965 ஏப்ரலில் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில், குறிப்பிட்ட சிலரைத் தண்டிக்கவே செய்த சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று கூறி அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. அதற்குள் உண்மையான மாற்றம் முகாம்களில் தொடங்கியிருந்தது. படைக்கு ஆள் எடுப்பது மேலும் மேலும் சிங்கள பௌத்தர்களை நோக்கித் திரும்பியது. ஆட்சியாளர்களின் இனமும் மதமுமே படையின் இனமும் மதமுமானால் சதி வராது என்பது கணக்கு. ஒரு விதத்தில் அது பலித்தது. அதன்பின் இலங்கையில் எந்தப் படையும் ஆட்சியைப் பிடிக்கவில்லை. 2022 ஜூலையில் மக்கள் எழுச்சிக்கு அஞ்சி ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓடியபோதும் படை நாற்காலியில் உட்காரவில்லை. ஆனால் விலையைக் கொடுத்தது வேறொருவர். 1980களில் வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்ட படை ஏறக்குறைய முழுக்க ஒரே இனத்தின் படையாக இருந்தது. தமிழ் ஊர்கள் அதைத் தங்கள் நாட்டின் படையாகப் பார்க்க முடியவில்லை. அரசாங்கத்தைக் காத்த மருந்து நாட்டைப் பிளந்தது.

சிங்கப்பூர் வேறொரு வழியில் போனது. தற்காப்பு அமைச்சரான கோ கெங் சுவீயின் பொறுப்பில் 1967இல் தேசிய சேவைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆகஸ்டில் சுமார் 900 இளைஞர்கள் முதல் அணியாகப் பயிற்சிக்குப் போனார்கள். ஆட்சிக் கவிழ்ப்பைத் தடுக்கவே இது செய்யப்பட்டது என்று சொல்வது மிகை. சிறிய மக்கள்தொகை, கையில் பணமின்மை, அண்டை நாடுகள் பற்றிய அச்சம் ஆகியவையே முதன்மைக் காரணங்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்த படை மக்களுக்கு எதிராகத் திரும்பாது என்ற வாதத்தையும் முழுதாக ஏற்க முடியாது. 1967இல் கிரீஸிலும், 1976இல் அர்ஜென்டினாவிலும், 1980இல் துருக்கியிலும் ஆட்சியைப் பிடித்தவை கட்டாயச் சேவைப் படைகளே. ஆணை அதிகாரியிடமிருந்து வருகிறது. இரண்டாண்டுச் சிப்பாய் அதற்குப் பணிகிறான்.

அதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது, அதிகம் பேசப்படாத ஒரு நிர்வாக மாற்றம். 1965இல் உள்நாட்டுக் காவலும் தற்காப்பும் ஒரே அமைச்சின் கீழ் இருந்தன. 1970இல் அது உள்துறை அமைச்சு என்றும் தற்காப்பு அமைச்சு என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தெருவின் அமைதி காவல்துறையின் பொறுப்பு, எல்லை படையின் பொறுப்பு என்ற கோடு அமைச்சு அளவிலேயே போடப்பட்டது. அதன் பொருளை லிட்டில் இந்தியாவில் காணலாம். 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் சிக்கி இறந்ததை அடுத்துக் கலவரம் வெடித்தது. சுமார் முந்நூறு பேர் அதில் ஈடுபட்டார்கள், வாகனங்கள் எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தீவு காணாத கலவரம் அது. அதைக் கலைத்தது காவல்துறையின் சிறப்பு நடவடிக்கைத் தளபத்தியம். ராணுவம் அழைக்கப்படவில்லை. அன்றைய நடவடிக்கைகளில் குறை காண்பவர்கள் உண்டு. அவற்றை விசாரிக்க ஓர் ஆணையம் அமர்ந்தது. ஆனால் தேக்காவின் தெருவில் அமைதி ஏற்படுத்துவது என் வேலை என்று எந்த ராணுவ அதிகாரியும் அன்றிரவு கற்றுக்கொள்ளவில்லை.

சிங்கப்பூரின் வழி மாசற்றது என்று சொல்ல மாட்டேன். படையின் சில முக்கியப் பொறுப்புகளில் மலாய்க்காரர்களை வைக்க அரசு தயங்கியதை 1987இல் லீ சியன் லூங்கே வெளிப்படையாகப் பேசினார். அந்த இடத்தில் இலங்கையின் கணக்குக்கும் நம் கணக்குக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அந்தத் தயக்கம் குறையக் குறைய நாடு உறுதிப்படும். உயர் ராணுவ அதிகாரிகள் ஓய்வுக்குப் பின் அமைச்சர்களாகவும் நிறுவனத் தலைவர்களாகவும் வருவது, படை வேறு வாசல் வழியாக அரசியலுக்குள் நுழைவதல்லவா என்ற கேள்வியும் நியாயமானது. என் பதில்: அமைச்சராக வருபவர் சீருடையைக் கழற்றிவிட்டு, வாக்குச்சீட்டைக் கேட்டு வருகிறார்; தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும். அது அதிகாரிகள் தனிக் குலமாகத் திரளாமல் தடுக்கிறது. ஆனால் ஒரே பயிற்சி பெற்றவர்கள் அமைச்சரவையில் நிறையும்போது கருத்தின் அகலம் சுருங்குகிறது என்பதும் மெய்.

ஆட்சிக் கவிழ்ப்பு எங்கே வரக்கூடும் என்று அறிய விரும்பும் வாசகர் தளபதிகளின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. மந்திரிகளின் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். வேலைநிறுத்தம் நடக்கும்போது, ஊர்வலம் போகும்போது, தேர்தல் முடிவு பிடிக்காதபோது அவர்கள் யாருக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள்? 1961 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துச் சத்தியாக்கிரகிகளைக் கலைக்கப் படையை அனுப்பிய அரசாங்கம், ஒன்பது மாதங்களில் அதே படையின் அதிகாரிகளை அலரி மாளிகையில் உட்காரவைத்து விசாரிக்க நேர்ந்தது. அந்த ஒன்பது மாதங்களை ஒவ்வோர் அரசாங்கமும் நினைவில் வைக்க வேண்டும். அதை நினைவூட்டுவது குடிமக்களின் கடமை.